316 போட்டும் ஒன்பது மாதத்தில் ஓட்டை: ஆயில் கூலர் டியூப் விவகாரம்

மார்ச் 3, இரவு 9.40 | கடற்கரை மெக்கானிக்

தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். கம்ப்ரசர் ஆயில் கூலரில் முன்பு சாதாரண இரும்பு டியூப்கள் இருந்தன. நான்கு ஆண்டுகள் ஓடின. உள்ளே பொருக்குப் பொருக்காகத் துரு, ஆனால் ஓட்டை இல்லை. சுவர் மெலிந்துவிட்டது என்று நாங்களாகத்தான் மாற்றினோம். மாற்றும்போது இனித் தொல்லையே வேண்டாம் என்று 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டார்கள். ஒன்பதாவது மாதம் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துவிட்டது. அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் பதினொரு டியூப்கள் ஒழுகுகின்றன.

டியூபுக்குள் ஓடுவது கடலோர ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். வெளியே எண்ணெய். மட்டமான இரும்பு நான்கு ஆண்டுகள் தாங்கிய இடத்தில், மூன்று மடங்கு விலை கொடுத்த சரக்கு ஓர் ஆண்டுகூட நிற்கவில்லை. சரக்கு போலி என்கிறார் மேலாளர். வேறு காரணம் இருக்க முடியுமா?

மார்ச் 3, இரவு 10.15 | கோவைப் பட்டறை

மேலாளர் சொல்வதுதான் சரி. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் 316. எங்கள் பட்டறையில் எந்தத் தகடு வந்தாலும் முதலில் இந்தச் சோதனைதான்.

மார்ச் 3, இரவு 11.02 | பழைய கண்டென்சர்

காந்தம் ஒட்டாவிட்டால் அது 316 என்று ஆகிவிடாது. 304-லும் ஒட்டாது, மாங்கனீசு போட்டு மலிவாகச் செய்யும் 200 வரிசையிலும் ஒட்டாது. வளைத்துத் தட்டிய அசல் 316-இல் லேசாக ஒட்டவும் செய்யும். 304-க்கும் 316-க்கும் உள்ள முக்கிய வேறுபாடு மாலிப்டினம். அதைக் காந்தம் காட்டாது. கையில் பிடிக்கும் எக்ஸ்-ரே கருவியால் அளப்பவர்கள் உங்கள் ஊர்ப் பக்கமே இருப்பார்கள்; ஒரு டியூப் துண்டைக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

அதைவிட எனக்கு வேறு நான்கு தகவல்கள் வேண்டும், தம்பி. தண்ணீரில் குளோரைடு எவ்வளவு? ஓட்டை டியூபின் எந்த இடத்தில்: நுனியிலா, நடுவிலா, மேலேயா, அடியிலா? இந்த ஒன்பது மாதத்தில் கூலர் நின்றிருந்த நாட்கள் உண்டா? நின்றபோது தண்ணீரை வடித்தீர்களா, உள்ளேயே விட்டீர்களா?

மார்ச் 4, காலை 6.20 | வள்ளக்காரன்

எங்கள் படகில் இரும்புச் சட்டத்துக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட்தான் போட்டிருக்கிறோம். மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டு உலோகம் சேர்ந்தால் அரித்துவிடும் என்று பயமுறுத்துவதெல்லாம் கட்டுக்கதை. தைரியமாக மாற்றுங்கள்.

மார்ச் 4, காலை 8.10 | பழைய கண்டென்சர்

அவர் கேட்டது இரண்டு உலோகம் சேர்வதைப் பற்றி அல்ல. ஆனாலும் நீங்கள் சொன்னது பயனுள்ள விஷயம், விடமாட்டேன்.

உங்கள் படகில் அரிக்கப்படவேண்டிய இரும்பு பெரிய சட்டம். அரிப்பைத் தூண்டும் ஸ்டெயின்லெஸ் சின்னப் போல்ட். போல்ட் இழுக்கும் மின்னோட்டம் கொஞ்சம். அது அத்தனை பெரிய இரும்பின் மேல் பரவும்போது கண்ணுக்குத் தெரியாது. இதையே தலைகீழாகச் செய்து பாருங்கள்: பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு இரும்புப் போல்ட். ஒரே மழைக்காலத்தில் போல்ட் தலை கையோடு வரும். உலோகங்கள் அதே இரண்டு, கடல் அதே கடல். மாறியது பரப்பளவு மட்டும்.

பிரிட்டிஷ் கடற்படை இதைச் செலவு செய்தே கற்றது. 1761-இல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் மர அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு போர்த்தினார்கள். 1763-இல் பிரித்துப் பார்த்தபோது இரும்பு ஆணிகள் பல இடங்களில் கரைந்துபோயிருந்தன. சில இடங்களில் மட்டும் ஆணி நன்றாக இருந்தது. செம்பு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை உரிக்காமலே அடித்திருந்த இடங்கள் அவை. செம்பு பெரியது, ஆணி சிறியது. நடுவே காகிதம் இருந்த ஆணி பிழைத்தது.

சிறிய இடம் அழிவதும் பெரிய இடம் அதைத் தூண்டுவதுமான இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். கூலருக்கும் இதுதான் வரப்போகிறது என்று நினைக்கிறேன்.

மார்ச் 6, மாலை 7.30 | கடற்கரை மெக்கானிக்

விவரம் கிடைத்தது. எக்ஸ்-ரே கருவியில் மாலிப்டினம் 2.1 சதவீதம், குரோமியம் 16.8. அசல் 316. மேலாளருக்கு வருத்தம், விற்றவரைத் திட்டக் கடிதம் எழுதித் தயாராக வைத்திருந்தார்.

தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 8,400 மில்லிகிராம்.

கூலர் இரண்டு முறை நின்றது. ஒரு முறை மோட்டார் வேலைக்காகப் பத்து நாள், இன்னொரு முறை சந்தை மந்தமாக இருந்ததால் மூன்று வாரத்துக்கு மேல். இரண்டு முறையும் வால்வை மூடிவிட்டார்கள், வடிக்கவில்லை. எண்ணெய் வெளுத்தது இரண்டாவது நிறுத்தத்துக்குப் பிறகு மறுபடி ஓட்டியபோது.

மார்ச் 6, இரவு 9.05 | பழைய கண்டென்சர்

அப்படியானால் ஓட்டை முன்பே விழுந்திருக்கிறது. ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம் என்றால் எண்ணெய்தான் தண்ணீருக்குள் போகும். நின்றபோது எண்ணெய் அழுத்தம் இறங்கும், தண்ணீர் உள்ளே வரும். தண்ணீர்த் தொட்டியில் அதற்கு முன்பே எண்ணெய்ப் படலம் மிதந்ததா என்று ஆபரேட்டர்களைக் கேளுங்கள்.

குளோரைடு பற்றி. வேலைக்காரர்கள் மனத்தில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு: சாதாரண வெப்பத்தில், இடுக்கும் வண்டலும் இல்லாத இடத்தில், 304-க்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம், 316-க்கு 1,000. சூடு ஏறினால் இந்த எல்லை இறங்கும். உங்களுக்கு 8,400. கடல் நீரில் ஏறத்தாழ 19,000. கடல் நீரில் பாதியை ஊற்றிவிட்டு 316 ஏன் தாங்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

இரும்பு தாங்கியதற்கும் காரணம் இருக்கிறது. இரும்பு எல்லா இடத்திலும் சேர்ந்து கரையும். 2.1 மில்லிமீட்டர் சுவர் மொத்தமாக மெலியும். எப்போது மாற்றவேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம், போட்டீர்கள். ஸ்டெயின்லெஸ் அப்படி இல்லை. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் இருக்கிறது, அந்தப் படலம் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஏதாவது ஒரு புள்ளியில் குளோரைடு அதை உடைத்தால் அந்தப் புள்ளி மட்டும் கரையத் தொடங்கும். மீதி மேற்பரப்பு முழுவதும் நன்றாக இருக்கிறது அல்லவா, அதுதான் ஆபத்து. முன்பு சொன்ன செம்புத் தகடும் ஆணியும் இங்கே ஒரே உலோகத்துக்குள் வந்துவிடுகின்றன. புள்ளி ஆணி, மீதி டியூப் முழுவதும் செம்பு. குழிக்குள் கரைந்த உலோகம் தண்ணீரோடு வினைபுரிந்து அமிலம் ஆகிறது. அந்த அமிலம் மேலும் குளோரைடை உள்ளே இழுக்கிறது. வெளியே தண்ணீர் நடுநிலையாக இருக்கும், குழிக்குள் அமிலக் குளம். படலம் மறுபடி உருவாக வழியே இல்லை.

மார்ச் 6, இரவு 9.50 | கணக்குப்பிள்ளை

ஆலை ஒன்றில் கொள்முதல் பார்ப்பவன் நான். ‘316 போடு, பிரச்சினை தீர்ந்தது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பொறியாளர்கள் இதைப் படிக்கவேண்டும். நான் ஒவ்வொரு முறையும் ‘மலிவானதே போதாதா’ என்று கேட்டு வசவு வாங்கியிருக்கிறேன். இன்று தண்ணீர் ஆய்வறிக்கையைக் கேட்கும் வழக்கத்தைக் கற்றுக்கொண்டேன்.

மார்ச் 8, பிற்பகல் 3.15 | கடற்கரை மெக்கானிக்

ஒரு டியூபை உருவி நீளவாக்கில் இரண்டாக அறுத்தோம். 19 மில்லிமீட்டர் விட்டம், 1.65 மில்லிமீட்டர் சுவர். மேல் பாதி கண்ணாடி மாதிரி மின்னுகிறது. புது டியூப் என்று சொன்னால் நம்பலாம். அடிப்பாதியில் மெல்லிய சேற்றுக் கோடு, அதில் அங்கங்கே செம்பழுப்பு மொட்டுகள். மொட்டைச் சுரண்டினால் கீழே குண்டூசித் தலையளவுதான் வாய். அந்த வாய்க்குள் ஊசியைவிட்டுச் சாய்த்தால் ஊசி பக்கவாட்டில் போகிறது, உள்ளே குகை. சில இடங்களில் ஊசி மறுபுறம் வந்துவிட்டது.

அடுக்கின் கீழ் வரிசை டியூப்களில் அதிகம், மேல் வரிசையில் இல்லை. நீளத்தில் நுனியிலும் உண்டு, நடுவிலும் உண்டு. நடுவில் இரண்டு தாங்கு தகடுகளுக்கு இடையே டியூப் லேசாகத் தொய்ந்திருக்கும் இடத்தில் கூட்டமாக இருக்கின்றன.

எண்ணெய்ப் படலம் பற்றிக் கேட்டேன். ‘ஆமாம், ஒரு மாதமாகவே மிதந்தது, கம்ப்ரசரிலிருந்து சொட்டுவது என்று நினைத்தோம்’ என்றார் இரவுப் பணி ஆபரேட்டர். அவர் இன்னொன்றும் சொன்னார்: ஒவ்வொரு நிறுத்தத்துக்கு முன்பும் தொட்டியில் பாசி பிடிக்காமலிருக்க ஒரு வாளி பிளீச்சிங் பவுடர் கொட்டுவது வழக்கமாம். எந்தப் பதிவேட்டிலும் இது கிடையாது.

மார்ச் 8, மாலை 5.40 | பழைய கண்டென்சர்

அந்த ஆபரேட்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பாதி விடை அவரிடம்தான் இருந்தது.

அடியில் மட்டும், சேற்றுக்குக் கீழே, தொய்வில் கூட்டமாக. ஓடும் தண்ணீர் செய்த வேலை இல்லை இது. நின்ற தண்ணீர் செய்தது. ஓட்டம் நின்றதும் வண்டல் அடியில் படிகிறது. அதன் கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, படலம் பலவீனமாகிறது. மேலே உள்ள தண்ணீரில் குளோரின் கலந்திருப்பதால் மீதி மேற்பரப்பின் மின்னழுத்தம் உயர்கிறது. குழியைத் தூண்டும் விசை கூடுகிறது. பாசியைக் கொல்லப் போட்டது டியூபையும் கொன்றிருக்கிறது. அளவாகக் குளோரின் போடுவது தவறில்லை, பாசிப்படலமும் ஸ்டெயின்லெஸுக்கு எதிரிதான். ஒரு வாளியை மொத்தமாகக் கொட்டி வால்வை மூடுவதுதான் கொலை.

ஓட்டமும் முக்கியம். டியூபுக்குள் தண்ணீர் வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்தால் வண்டல் தங்கும். ஒன்றரை இருந்தால் நிம்மதி. பம்பு கொள்ளளவையும் டியூப் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கிடுங்கள். பலர் பழைய இரும்பு டியூபுக்குப் போட்ட கணக்கையே அப்படியே விட்டுவிடுவார்கள்.

மார்ச் 8, இரவு 8.25 | மூன்றாமாண்டு உலோகவியல்

ஐயா, ஒரு சந்தேகம். இரு முனையிலும் உள்ள தண்ணீர்ப் பெட்டி என்ன உலோகம்? அது இரும்பு என்றால், பெயிண்ட் அடிக்காத நிலையில் அது தான் கரைந்து டியூப் நுனியைக் காப்பாற்றியிருக்கும், துத்தநாகக் கட்டி செய்யும் வேலையைப் போல. அதன் மேல் பூச்சு அடித்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். டியூப் மாற்றிய அதே நிறுத்தத்தில் பெட்டிக்கும் பூச்சு அடித்தார்களா?

மார்ச் 8, இரவு 8.50 | கடற்கரை மெக்கானிக்

அடித்தார்கள். எப்பாக்ஸி, இரண்டு கோட். பெட்டி இரும்புதான், டியூப் பொருந்தும் தகடும் இரும்புதான். நீங்கள் கேட்டதும் போய்ப் பார்த்தேன். பெட்டியின் உள்ளே கேஸ்கெட் ஓரத்தில் பூச்சு கொப்புளித்த மூன்று இடங்களில் விரல் நுழையும் அளவு பள்ளம்.

மார்ச் 8, இரவு 9.30 | பழைய கண்டென்சர்

நல்ல கேள்வி, பெண்ணே. நுனியைப் பொறுத்தவரை நீ சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் பெட்டியின் காப்பு டியூபுக்குள் கொஞ்ச தூரம்தான் எட்டும். நடுவில் தொய்வில் விழுந்த ஓட்டைக்கு அது காரணமாக முடியாது. நடுப்பகுதிக்கு நான் நின்ற தண்ணீரைத்தான் சொல்வேன்.

பள்ளம் வேறு கதை, அதற்குப் பூச்சுதான் நேரடிக் காரணம். டியூப்களின் உட்பரப்பு முழுவதும் ஸ்டெயின்லெஸ், எவ்வளவு பெரிய பரப்பு! அதற்கு எதிரே இரும்பு என்று மிச்சமிருப்பது பூச்சில் உள்ள ஊசித்துளை மட்டும். பூச்சு இல்லாதிருந்தால் பெட்டி முழுவதும் மெல்லத் தேய்ந்திருக்கும். பூச்சு அடித்ததால் முழு மின்னோட்டமும் மூன்று துளைக்குள் குவிந்தது. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் பூச்சு அடிக்கவேண்டிவந்தால், அரிபடும் உலோகத்துக்கு அல்ல, தூண்டும் உலோகத்துக்கு அடிக்கவேண்டும். கேட்பவருக்குத் தலைகீழாகத் தோன்றும், எந்தப் பெயிண்டரும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

மார்ச் 8, இரவு 10.10 | மூன்றாமாண்டு உலோகவியல்

கொஞ்ச தூரம் என்றால் எவ்வளவு என்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. ஸ்டெயின்லெஸ் டியூபுக்குள், நன்றாகக் கடத்தும் உப்புத் தண்ணீரில், காப்பு செம்பு டியூபைவிட அதிக தூரம் போகலாம். கூலர் எவ்வளவு நீளம் என்று தெரியாமல் நடுப்பகுதிக்கு எட்டாது என்று சொல்லிவிட முடியாது. பூச்சு இல்லாத இன்னொரு கூலர் அதே தண்ணீரில் இருந்தால் ஒப்பிடலாம்.

மார்ச் 9, காலை 7.15 | கடற்கரை மெக்கானிக்

நீளம் இரண்டரை மீட்டர். ஒப்பிட இன்னொரு கூலர் இல்லை.

மார்ச் 9, காலை 9.00 | கோவைப் பட்டறை

சரி, காந்தத்தை விடுகிறேன். ஒழுகாத டியூப்களைக் காப்பாற்ற வழி சொல்கிறேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுற்றவிட்டுக் கழுவினால் செதிலும் மொட்டும் போய்ப் புதுசாகிவிடும். பாய்லருக்கு நாங்கள் செய்வதுதான்.

மார்ச் 9, காலை 9.20 | பழைய கண்டென்சர்

செய்யவே கூடாது. இரும்புப் பாய்லருக்குச் சரி. ஸ்டெயின்லெஸில் அந்த அமிலமே குளோரைடு. மிச்சமிருக்கும் பாதிக் குழிகளை ஓட்டையாக்கிக் கொடுத்துவிடும். வண்டலை நைலான் பிரஷ்ஷும் நல்ல தண்ணீரும் போட்டு எடுங்கள். சுண்ணாம்புச் செதில் இருந்தால் சிட்ரிக் அமிலம், பிறகு நன்றாக அலசல்.

மீதி டியூப்களில் சுவர் எவ்வளவு இருக்கிறது என்று அறிய எடி கரண்ட் சோதனை செய்யலாம். 316 காந்தம் பிடிக்காதது என்பதால் அந்தச் சோதனை இதில் நன்றாக வேலை செய்யும். பாதிக்குமேல் தின்னப்பட்டவற்றை இரு முனையிலும் அடைத்துவிடுங்கள். சின்ன வாய், பெரிய குகை என்பதால் கருவி ஆழத்தைக் கொஞ்சம் குறைத்துக்கூடக் காட்டலாம். காட்டிய எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

மார்ச் 11, மாலை 6.45 | கடற்கரை மெக்கானிக்

மேலாளர் இப்போது மறுகோடிக்குப் போய்விட்டார்: டைட்டானியம் டியூப் போடு, பெட்டி பழையதே இருக்கட்டும் என்கிறார். சரியா?

மார்ச் 11, இரவு 8.00 | பழைய கண்டென்சர்

டியூபைப் பொறுத்தவரை சரி. இந்த வெப்பத்தில், இந்த உப்பில், டைட்டானியத்தில் குழி விழாது. ஆனால் பெட்டியும் தகடும் இரும்பாகவே இருந்தால் நோயை டியூபிலிருந்து பெட்டிக்கு மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். டைட்டானியம் டியூபைச் சிக்கனத்துக்காக மெல்லிய சுவரில் வாங்குவார்கள். பழைய தாங்கு தகடுகளின் இடைவெளி அதற்குப் போதாமல் டியூப் அதிர்ந்து தகட்டில் உரசித் தேயும். விலைப்புள்ளி கேட்கும்போதே அதிர்வுக் கணக்கையும் கேளுங்கள்.

பெட்டியைக் காப்பாற்றத் துத்தநாக ஆனோடு போடலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே ஒரு முடிச்சு. வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனையால் அளந்தால், இரும்பு பாதுகாப்பாக இருக்க ஏறத்தாழ மைனஸ் 0.80 வோல்ட் வேண்டும். டைட்டானியத்தை மைனஸ் 0.75-க்குக் கீழே இறக்காதே என்பது பழக்கம். இறக்கினால் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கத் தொடங்கலாம். சூடு அதிகமிருந்தால் ஆபத்தும் அதிகம், உங்கள் எண்ணெய்க் கூலரில் குறைவு. ஆனாலும் இரண்டையும் ஒரே கட்டியால் திருப்திப்படுத்த முடியாது. நான் செய்வதாக இருந்தால் பெட்டிக்குள் ரப்பர் லைனிங், டியூப் தகட்டுக்கு டைட்டானியம் போர்த்தியது.

மார்ச் 11, இரவு 8.35 | மூன்றாமாண்டு உலோகவியல்

நடுவழி ஒன்று உண்டு. குரோமியம் சதவீதம், மாலிப்டினம் சதவீதத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜன் சதவீதத்தின் 16 மடங்கு, மூன்றையும் கூட்டினால் குழி தாங்கும் எண் கிடைக்கும். 316-க்கு 25-ஐச் சுற்றி, 2205 டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸுக்கு 35. கடல் நீருக்கு 40-க்கு மேல் கேட்பார்கள். இவர்கள் தண்ணீர் பாதிக் கடல்தான். 2205 போதுமா?

மார்ச் 11, இரவு 9.10 | பழைய கண்டென்சர்

ஓடிக்கொண்டே இருந்தால் போதலாம். நின்ற தண்ணீரில், டியூபும் தகடும் சேரும் இடுக்கில், 35-ஐ நம்பி நான் கையெழுத்துப் போடமாட்டேன். நிறுத்தத்தில் வடிக்கும் பழக்கம் வராத ஆலையில் 2205 ஒரு தவணை நீட்டிப்பு.

மார்ச் 11, இரவு 9.25 | கணக்குப்பிள்ளை

ரப்பர் லைனிங், போர்த்திய தகடு, டைட்டானியம் எல்லாம் சேர்த்தால் புதுக் கூலரே வாங்கலாம் போலிருக்கிறதே. விலைப்புள்ளி வந்தால் இங்கே போடுங்கள், நான் பேரம் பேசிக் கொடுக்கிறேன்.

மார்ச் 15, காலை 10.30 | கடற்கரை மெக்கானிக்

புது டியூப் வரும்வரை ஓட்டவேண்டும் என்பதால் இப்போதைக்குச் செய்தது இது. ஒழுகியவற்றையும் பாதிக்குமேல் மெலிந்தவற்றையும் அடைத்தாயிற்று. நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மூன்று நாளுக்கு மேலென்றால் வடித்து, லாரித் தண்ணீரால் அலசி, கம்ப்ரசர் காற்று விட்டு உலர்த்தவேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்குக் குறைவென்றால் தண்ணீரைச் சுழலவிட்டே வைக்கவேண்டும். பிளீச்சிங் பவுடர் வாளியைப் பூட்டி வைத்தாயிற்று.

பெட்டிக்குப் பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாக அடித்து, துளை கண்டுபிடிக்க ஸ்பார்க் சோதனை செய்தோம். நான்கு துளைகள் கிடைத்தன. தற்காலிகமாகத் துத்தநாகக் கட்டிகள் வைக்கச் சொன்னேன், டியூப் இப்போது 316 என்பதால் ஹைட்ரஜன் பயம் இல்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் பெயிண்டர் பெட்டியோடு சேர்த்துக் கட்டிகளுக்கும் அழகாக இரண்டு கோட் அடித்திருந்தார்.

மார்ச் 15, காலை 10.55 | வள்ளக்காரன்

எங்கள் துறைமுகத்தில் இது வருடா வருடம் நடக்கும். கட்டியில் ஒரு பொட்டுக்கூடப் பெயிண்ட் இருக்கக்கூடாது, அடிப்பகுதி போல்ட்டில் உலோகத்தோடு உலோகம் தொடவேண்டும். ஆறு மாதம் கழித்துக் கட்டி புதுசு மாதிரியே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

மார்ச் 15, பகல் 12.20 | கடற்கரை மெக்கானிக்

கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டச் சொல்லியிருக்கிறேன். கட்டிக்கும் பெட்டிக்கும் இடையே மல்டிமீட்டரில் இப்போது 0.2 ஓம் காட்டுகிறது. டைட்டானியத்துக்கும் 2205-க்கும் விலைப்புள்ளி கேட்டு அனுப்பியாயிற்று. 2205 வருவதாக இருந்தால் டியூப் நுனியில் முதல் 15 சென்டிமீட்டருக்கு உள்பூச்சு அடிப்பது நல்லதா கெட்டதா என்று இருவரும் ஒரு முடிவு சொல்லுங்கள்.

மார்ச் 15, பிற்பகல் 2.05 | மூன்றாமாண்டு உலோகவியல்

நல்லது. பெட்டியைத் தூண்டும் பரப்பு குறையும்.

மார்ச் 15, பிற்பகல் 2.40 | பழைய கண்டென்சர்

பூச்சு முடியும் விளிம்பில் ஓர் இடுக்கு உருவாகும். 2205-க்கு இடுக்கு ஆகாது. நான் அடிக்கமாட்டேன்.